5^1000-இன் மீதி எனக்கு 22, விடைத்தாளில் 9. எங்கே பிழை?

தலவாக்கலை_மாணவி: நாளைக்கு ஒலிம்பியாட் வகுப்பு. 5^1000-க்கு மீதி காண வேண்டும். பெர்மாவின் தேற்றத்தைத்தான் பாவித்தேன். மூன்று தரம் செய்தும் 22. யாராவது சொல்லுங்கள், அவசரம்.

பதுளை_ரவி: கடைசி இலக்கம் 5 தானே? 22 எப்படி வரும்?

கணக்கு_அக்கா: எந்த எண்ணால் வகுக்கிறீர்கள், தங்கச்சி? செய்த வரிகளையும் போடுங்கள்.

தலவாக்கலை_மாணவி: மன்னிக்கவும், 23ஆல். 1000 = 23×43 + 11. ஆகவே 5^11. அதன் மீதி 22.

பழைய_சேர்: தேற்றத்தை ஒழுங்காக வாசிக்காமல் கணக்கில் கைவைத்தால் இப்படித்தான். வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்து, அதால் சுட்டியைக் குறைக்க வேண்டும். எந்த எண்ணுக்கும் இதுதான் முறை.

கணக்கு_அக்கா: சேர், எந்த எண்ணுக்கும் என்பது சரியில்லை. 21ஐ எடுங்கள். 2^6 = 64, மீதி 1. அப்போ 2^20-இல் 2^18 போக 4 மிஞ்சும். உங்கள் முறைப்படி 1 வர வேண்டும். 21 முதன்மை எண் இல்லை, அதுதான் காரணம்.

தங்கச்சி, உங்கள் பிழை வேறு. 5^23-இன் மீதி 5, 1 அல்ல. நீங்கள் (5^23)^43 என்பதை 1 என்று விட்டுவிட்டீர்கள். அது உண்மையில் 5^43 ஆகிறது. உங்கள் 5^11-ஐயும் சேர்த்தால் 5^54. மீதி 1 தருவது 5^22. 54-இல் 44 போனால் 10. 5^2 = 25, மீதி 2. ஆகவே 5^10 என்பது 2^5 = 32, மீதி 9.

நேரே 1000-ஐ 22ஆல் வகுத்தாலும் அதே 10 மிஞ்சும். ஒன்று கவனம்: அடி எண் 23இன் மடங்கு என்றால் 22ஆம் வலுவின் மீதி 1 இல்லை, 0.

பதுளை_ரவி: நான் தேற்றமே இல்லாமல் வர்க்கித்துக்கொண்டு போனேன். 5^2 → 2, 5^4 → 4, 5^8 → 16, 5^16 → 3, இப்படியே 5^512 → 8 வரைக்கும். 1000 = 512+256+128+64+32+8. எல்லாவற்றையும் பெருக்கினேன், 9 வந்தது. இது முதன்மை எண் இல்லாவிட்டாலும் சரிவரும்.

பழைய_சேர்: பரீட்சையில் அதற்கு நேரம் எங்கே? தேற்றம் இரண்டு வரி.

பதுளை_ரவி: 21 வந்தால் உங்கள் இரண்டு வரி என்ன செய்யும், சேர்?

பழைய_சேர்: 21ஐ 3, 7 என்று பிரித்துச் செய்யலாம்.

நுவரெலியா_தம்பி: என் கேள்வி வேறு. 23ஆல் வகுக்கும்போது 2க்கு 11ஆம் வலுவிலேயே மீதி 1 வருகிறது (2048 = 23×89 + 1). 5க்கு 22 வரை போக வேண்டியிருக்கிறது. எந்த அடிக்குச் சீக்கிரம் வரும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

கணக்கு_அக்கா: 22ஐ வகுக்கும் எண்களான 1, 2, 11, 22 மட்டும்தான் சாத்தியம். அவற்றைச் சோதித்தால் போதும். முதன்மை எண் மிகப் பெரிதானால், ஒன்று குறைந்த எண்ணைக் காரணிப்படுத்துவதே கடினமாகிவிடும்.

தலவாக்கலை_மாணவி: 9 வந்துவிட்டது, நன்றி அக்கா. 5^23-ஐ 1 என்று எழுதிய வரியைச் சிவப்பால் வெட்டிவிட்டேன்.