புதுப்பிப்பு: 300 வாட் ஹவர் பவர் ஸ்டேஷன் பேட்டரிப் பெட்டி ஒரு இரவுக்குத் தாங்கியதா?

முன்பு நான் இங்கே கேட்டது: "கம்பளையில் மழைக்குக் கரண்ட் போனால் விடியத்தான் வருகிறது. இரண்டு லைட், ஒரு ஃபேன், மூன்று போன். 300 வாட் ஹவர் காணுமா?"

காணும், ஆனால் ஃபேனை மாற்றிய பிறகுதான். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வீட்டு மேசை ஃபேன் 40 வாட். எட்டு மணி நேரத்துக்கு அது மட்டுமே 320 வாட் ஹவர் தின்னும். சோலார் வேலை செய்யும் அண்ணன் சொன்னபடி 12 வோல்ட் டீசி ஃபேன் வாங்கினேன். அது 12 வாட்தான், இரவுக்கு 96. லைட் இரண்டும் ஐந்து மணி நேரத்துக்கு 50, போன்களுக்கு சுமார் 45. மொத்தம் 191. இழப்புப் போக 300இல் 255 அளவுதான் கைக்கு வரும் என்றார். விடியும்போது திரையில் 22% மிச்சம் காட்டியது.

500 வாங்கச் சொன்னவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. பழைய ஃபேனையே ஓட்டுவதென்றால் அதுதான் வேண்டும். ரைஸ் குக்கர் கேட்ட அக்காவுக்கு: அது பல நூறு வாட் இழுக்கும், இந்தப் பெட்டி தாங்காது.

எதிர்பாராத ஒன்று: ஏசி பிளக்கில் சின்ன லைட்டை மட்டும் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. சுமை குறைவென்று பெட்டியே நிறுத்திவிடுகிறதாம். நிறுத்தாத செட்டிங்கில் விட்டால், இன்வெர்ட்டர் சும்மா இருந்தே சார்ஜைக் குடிக்கிறது. இப்போது யூஎஸ்பி லைட்தான், ஏசி பட்டனைத் தொடுவதேயில்லை.

மூடுபனி நாட்களில் சோலார் பேனலால் நிரப்ப முடியுமா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.