புதுப்பிப்பு: மீன் கணக்கு ஸ்கிரீன்ஷாட்டை வெட்டுன கதை

போன வாரம் நான் கேட்டது: "14,200 பிக்சல் நீள ஸ்க்ரோல் ஸ்கிரீன்ஷாட்ட எழுத்தா மாத்த துண்டு போட்டா வரி பாதில அறுந்துடுது, எப்படி வெட்டுறது?"

முத்தியால்பேட்டை அண்ணன் சொன்னதுதான் வேலை செஞ்சுது. ஒரு துண்டு 1600 உயரம், அடுத்தத 1400 கீழ தள்ளி ஆரம்பி, அப்ப 200 பிக்சல் ரெண்டுலயும் இருக்கும், நம்ம வரி 55 தான், அதனால எந்த வரியும் ஏதாவது ஒரு துண்டுல முழுசா விழுந்துடும். மொத்தம் 10 துண்டு. ரெண்டாவது இப்படி:

```
magick kanakku.png -crop 1080x1600+0+1400 +repage 02.png
```

முன்னாடி இந்த 200 பிக்சல் ஒட்டு விடாம வெட்டுனப்ப, வெட்டு "க்"கோட புள்ளி மேலயே போயி "பாக்கி" "பாககி"ன்னு ஆச்சு, பாதி வரி கூட பரவால்ல, இதுதான் கண்ணுக்கே தெரியல.

வெள்ளை இடைவெளில வெட்டு போதும்னு ஒருத்தர் சொன்னாரு, பாதி சரி, நடுவுல பில் போட்டோ வந்தா இடைவெளியே கிடையாது.

நான் சொதப்புனது துண்டுகள்ல படிச்ச வரிகள ஒண்ணா சேர்க்கிறப்ப. "வஞ்சிரம் 12 கிலோ" ரெண்டு தடவ வந்துச்சு, ஒட்டு வரின்னு ஒண்ண தூக்கிட்டேன், ஆனா அது நெசமாவே ரெண்டு லோடு, கூட்டுத்தொகை 12 கிலோ இடிச்சப்பதான் தெரிஞ்சுது. இப்ப ஒரு வரிய நம்புறதில்ல, முந்தின துண்டோட கடைசிலயும் இதோட ஆரம்பத்துலயும் முழுசா விழுந்த ரெண்டு மூணு வரியும் அதே வரிசைல ஒத்துப்போனாதான் அழிக்கிறேன்.

கடலூர் முதுநகர் தம்பி, உன்னோடது சாஞ்சு எடுத்த நோட்டு போட்டோ, மொதல்ல நிமித்து, அப்புறம் வெட்டு. ஸ்க்ரோல் எடுக்கும்போதே போன் முழுங்குன வரிக்கு மட்டும் இன்னும் வழி தெரியல.