இந்த மரவள்ளி கசப்பு வகையா, இனிப்பு வகையா?

வணக்கம். பெயர் தெரியாமல் கிடைத்த குச்சிகளை நட்டு, 10 மாதம் கழித்து இன்று ஒரு செடியைப் பிடுங்கினேன். தண்டு, இலை, கிழங்கு மூன்றின் படமும் போட்டிருக்கிறேன். இலைக்காம்பு நல்ல சிவப்பு. கிழங்கின் வெளித்தோல் பழுப்பு, உள்தோல் இளஞ்சிவப்பு, சதை வெள்ளை.

காம்பு சிவப்பாக இருந்தால் சயனைடு நச்சு அதிகமுள்ள கசப்பு வகை என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. நிறம் ரகத்துக்கு ரகம் மாறும். அதற்கும் சயனைடு அளவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒரே ரகம்கூட வறட்சியில் வளர்ந்தால் நச்சு கூடும். என் செடியும் கடைசி இரண்டு மாதம் தண்ணீரில்லாமல் காய்ந்ததுதான்.

இனிப்பு வகையில் நச்சு பெரும்பாலும் தோலில் இருக்கும். தடிமனாக உரித்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் போதும். கசப்பு வகையில் சதையிலும் நிறைய இருக்கும். லினமரின் என்ற அந்த நச்சுப் பொருளை, கிழங்கைத் துருவும்போது அதிலுள்ள நொதியே உடைத்து, சயனைடை வாயுவாக வெளியேற்றும். பெரிய துண்டுகளாக வேகவைத்தால் சூட்டில் நொதி செத்துவிடும், லினமரின் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் துருவி, ஊறவைத்துப் புளிக்கவிட்டு, பிழிந்து, அப்புறம் சமைக்கிறார்கள்.

படத்தைப் பார்த்து ரகத்தின் பெயர் சொல்ல முடிகிறவர்கள் சொல்லுங்கள். சயனைடு அளவை நிறமாற்றத்தால் காட்டும் பிக்ரேட் தாள் சோதனை செய்தவர்கள் இருந்தால், அந்தத் தாள் எங்கே கிடைக்கும்? அதுவரை கிழங்கை யாருக்கும் கொடுக்கவில்லை, ஆடு மாடுகளுக்கும்தான்.