உதவி தேவை: 'கை கழுவ மட்டும்' என்று போட்ட தோசைக்கல்

கடைக்கணக்கு

அண்ணன் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். இப்போது இணையத்திலும் விற்கிறோம். தயாரிப்பாளர் தரும் ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கி ஏற்றுவது என் வேலை. அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம். இதுதான் ஏற்றியது:

"எங்கள் முன்-பருவப்படுத்தப்பட்ட வார்ப்பிரும்பு தவா, அதன் தடிமனான அடித்தளத்துடன், வெப்பத்தின் சீரான விநியோகத்தை உறுதி செய்கிறது, இது மிருதுவான தோசைகளுக்கு அதைச் சரியானதாக ஆக்குகிறது. எரிவாயு மற்றும் தூண்டல் அடுப்புகளுடன் இணக்கமானது. கை கழுவ மட்டும். பாத்திரங்கழுவி பாதுகாப்பானது அல்ல."

நேற்று ஒரு அம்மா போன் செய்து, "கை கழுவ மட்டும்னு போட்டிருக்கே, இது தோசைக்கல்லா வாஷ்பேசினா?" என்று கேட்டார். அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்கே ஆரம்பித்துத் திருத்துவது?

இலக்கணப்புலி

முதலில் அந்த "இது"வை எடுங்கள். ஒரு வாக்கியம் முடிந்ததும் காற்புள்ளி போட்டு "இது அதை ஆக்குகிறது" என்று இழுப்பது ஆங்கில வழக்கு. "அடித்தளத்துடன்" என்பதும் அப்படித்தான். கல்லும் அடித்தளமும் சேர்ந்து ஊருக்குப் போவது போல் இருக்கிறது. "அடி கனமாக இருப்பதால்" என்று காரணமாக்கி முன்னால் வையுங்கள். "வார்ப்பிரும்புத் தவா" என்று ஒற்று வர வேண்டும். பிறகு தவாவும் தமிழில்லை, அதையும் மாற்றுங்கள். எரிவாயு, தூண்டல் அடுப்பு இரண்டும் நல்ல தமிழ், அப்படியே இருக்கட்டும். இவ்வளவு செய்தால் போதும்.

அடுப்படி அக்கா

தம்பி, கல் ஒட்டுகிறதா? கவலையே வேண்டாம். கல்லைக் கழுவித் துடைத்து நல்லெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் சின்னத் தீயில் காயவைத்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி எண்ணெயோடு தேய்த்துக்கொண்டே இருங்கள். மூன்று நாலு நாள் இப்படிப் பழக்கினால் தோசை தானாக எழும்பி வரும். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், பழக்கினது எல்லாம் போய்விடும்.

பழைய மெய்ப்பு

அக்கா கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஆனால் உங்களுக்கு வேண்டிய சொல்லை அவர்தான் கொடுத்திருக்கிறார். "முன்-பருவப்படுத்தப்பட்ட" என்று நீங்கள் எழுதியது என்ன? தொழிற்சாலையிலேயே எண்ணெய் தடவிச் சூடேற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் நம் வீடுகளில் கல்லைப் பழக்குவது என்கிறோம். அகராதியில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் பருவகாலம் வந்திருக்கும், நீங்களும் அதையே பிடித்துக்கொண்டீர்கள். ஒரு கல் பருவமடைந்ததாகப் படிக்கும்போது எனக்குக் காபி புரை ஏறிவிட்டது.

இலக்கணப்புலி சொன்ன "இது", "அடித்தளத்துடன்" இரண்டும் சரி. அதோடு விட்டால் போதாது, ஏனென்றால் உங்கள் குறிப்பில் பெரிய பிழை நடையில் இல்லை. "மிருதுவான தோசை" என்றால் மெத்தென்ற தோசை. ஆங்கிலத்தில் இருந்தது மொறுமொறுப்பு என்று பந்தயம் கட்டுகிறேன். சமையல் குறிப்புகளில் இந்தத் தப்பு ஏகப்பட்டது. முறுக்கையே மிருதுவான முறுக்கு என்று போட்டதைப் பார்த்திருக்கிறேன். வாஷ்பேசின் பிழை சிரிக்க வைத்ததால் மாட்டிக்கொண்டது. இது படிக்க இயல்பாக இருக்கிறதே, அதனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, "சீரான விநியோகம்". மொழியை விடுங்கள், விஷயமே இடிக்கிறது. அலுமினியத்தைவிட இரும்பில் சூடு மெதுவாகத்தான் பரவும். சின்ன பர்னரில் வைத்தால் நடுவில் கருகும், ஓரம் வெந்திருக்காது. வார்ப்பிரும்பின் பெருமை வேறு: காய நேரம் எடுக்கும், காய்ந்தால் சீக்கிரம் ஆறாது. மாவு ஊற்றியதும் சூடு இறங்கிவிடாமல் இருப்பதால்தான் தோசை முறுகுகிறது. தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு அதையே எழுதுங்கள்.

செய்யும் விதம்: அந்த ஆங்கிலத் தாளைக் கவிழ்த்து வையுங்கள். கடைக்கு வந்த ஒருவரிடம் கல்லைக் கையில் கொடுத்துப் பேசினால் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். அப்புறம் தாளைத் திருப்பி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வரிக்கு வரி ஒட்டிப் பார்க்காதீர்கள், பழைய நடை திரும்ப வந்துவிடும். "உறுதி செய்கிறது", "வழங்குகிறது", "இணக்கமானது" எங்கே வந்தாலும் நின்று, கடையில் இப்படிப் பேசுவோமா என்று கேளுங்கள்.

மழைக்கோட்டு

எனக்கும் இதே கதை. நான் பை விற்கிறேன். என் குறிப்பில் "நீர் ஆதாரம் பை" என்று வந்திருக்கிறது. ஏரி குளத்துக்குச் சொல்கிற சொல்! "தண்ணீர் புகாத பை" என்று போடலாமா?

பழைய மெய்ப்பு

தையலும் ஜிப்பும் அடைத்திருந்தால் போடலாம். துணி மட்டும்தான் தண்ணீர் தாங்கும் என்றால் "தூறலுக்குத் தாங்கும்" என்று போடுங்கள். லேப்டாப் நனைந்தால் உங்களிடம்தான் வருவார்கள்.

கடைக்கணக்கு

ஆங்கிலத்தைப் பார்த்தேன், மொறுமொறுப்புதான்! கல்லையும் எடை போட்டேன். எடை குறிப்பிலேயே இல்லை, ஆனால் கடையில் எல்லோரும் முதலில் தூக்கித்தான் பார்க்கிறார்கள். இப்போது இப்படி:

"10 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல், எடை 1 கிலோ 900 கிராம். பழக்கிய கல், கழுவித் துடைத்து லேசாக எண்ணெய் தடவிவிட்டு அன்றைக்கே தோசை ஊற்றலாம். கனம் அதிகம் என்பதால் காயக் கொஞ்சம் நேரமாகும். காய்ந்துவிட்டால் சூடு சீக்கிரம் இறங்காது, தோசை மொறுமொறுவென்று வரும். கேஸ் அடுப்பிலும் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வைக்கலாம். கையால்தான் கழுவ வேண்டும், பாத்திரம் கழுவும் மெஷினில் போடக் கூடாது. கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்."

இலக்கணப்புலி

நன்றாக இருக்கிறது. தூண்டல் அடுப்பை விட்டதில் மட்டும் எனக்கு வருத்தம்.

அடுப்படி அக்கா

ஓ, விளம்பரமா! நான் கல்தான் ஒட்டுகிறது என்று நினைத்தேன். ஆனால் "பழக்கிய கல்" என்று போட்டால் யாரோ வீட்டில் தோசை சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தது என்று நினைக்க மாட்டார்களா? நானே அப்படித்தான் நினைப்பேன். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும் என்றும் சேருங்கள்.

பழைய மெய்ப்பு

அக்கா சொல்வது நியாயம், எனக்குத் தோன்றவில்லை. "புதுக் கல், எண்ணெய் ஏற்றிப் பழக்கியே அனுப்புகிறோம்" என்று விரித்துவிடுங்கள். இண்டக்‌ஷன் என்று போடும் முன் கல்லைத் திருப்பி அடியைப் பாருங்கள். தட்டையாக உட்கார வேண்டும், ஆடினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கடைக்கணக்கு

இரண்டையும் மாற்றிவிட்டேன். அடி தட்டைதான், ஆடவில்லை. ஒன்றில்தான் வீட்டில் சண்டை. தேடுகிறவர்கள் "தவா" என்றுதான் அடிக்கிறார்கள், தலைப்பில் அது இருக்க வேண்டும் என்கிறார் அண்ணன். தோசைக்கல் என்று சொன்னால் போதும் என்கிறார் அம்மா. இப்போதைக்குத் தலைப்பில் தவா, உள்ளே தோசைக்கல் என்று வைத்திருக்கிறேன். அம்மா பேசவில்லை.