பி.எம்.ஓ. வந்த பிறகு உங்கள் அலுவலகத்தில் என்ன மாறியது?

திண்ணை: எங்களுடையது 200 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம். அடுத்த மாதம் பி.எம்.ஓ., அதாவது ப்ராஜெக்டுகளைக் கவனிக்கும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ், வருகிறது. உதவி செய்கிற வகையா, கட்டுப்படுத்துகிற வகையா, தானே நடத்துகிற வகையா என்று நிர்வாகம் எங்களிடமே கேட்கிறது. மூன்றில் எதையாவது நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்: எங்கள் அடுக்குமாடி வேலையில் அப்படி ஒரு ஆலோசனை நிறுவனம் இருந்தது. காங்கிரீட் போடும் முன் கம்பியை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் ஏமாற்றியிருப்பார். கட்டாயம் வையுங்கள்.

திண்ணை: நன்றி. ஆனால் நீங்கள் சொல்வது ஒரே கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து வருபவர்கள். எங்களுடையது எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக உள்ளேயே இருக்கப்போகிற அலுவலகம்.

கிண்டி வண்டி: நேராக மூன்றாவது வகைக்குப் போங்கள். எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர்கள் எல்லாரும் பி.எம்.ஓ.வின் கீழ்தான். நான்கு ப்ராஜெக்டுகள் ஒரே டெஸ்டிங் குழுவுக்கு அடித்துக்கொண்டிருந்தன. யாருக்கு முதலில் என்று பி.எம்.ஓ. ஒரே நாளில் முடிவு செய்தது. முதல் இரண்டு வகையும் அதற்குப் போகிற வழிதான்.

பழைய கணக்கு: மூன்றையும் 11 வருடமாக உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கான சர்வதேச அமைப்பான பி.எம்.ஐ. 2013-இல் வெளியிட்ட பி.எம்.பி.ஓ.கே. கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இந்த மூன்றும் கட்டுப்பாட்டின் அளவை வைத்துப் பிரிக்கப்பட்டவை. ஏறவேண்டிய படிகள் அல்ல.

நாங்கள் உதவி செய்கிற வகையில் ஆரம்பித்தோம். டெம்ப்ளேட், பழைய ப்ராஜெக்டுகளில் கற்ற பாடங்கள், பயிற்சி என எல்லாம் கொடுத்தோம். புதிதாக வந்த மேனேஜர்களுக்கு அது பெரிய கைத்தாங்கல். ஆனால் தடுமாறுகிறவர்தான் எங்களிடம் வரவே மாட்டார், வரச்சொல்லும் அதிகாரமும் எங்களுக்கு இல்லை.

அப்புறம் ஒரு கிடங்கு மென்பொருள் வேலை. மொத்தம் 40 வேலைகள். திட்டப்படி அந்த வாரம் 34 முடிந்திருக்க வேண்டும், அதாவது 85 சதவீதம். மேனேஜர் 84 என்று பச்சை நிறத்தில் அனுப்பினார். பட்டியலைத் திறந்தால் 22 முடிந்தவை, 5 தொடங்காதவை, மீதி 13-க்கும் "90 சதவீதம்" என்று போட்டிருந்தது. ஏழு வாரமாக அதே 90.

அந்தச் சமயத்தில்தான் கட்டுப்படுத்துகிற வகைக்கு மாறினோம். வாடிக்கையாளர் ஏற்றுக் கையெழுத்திட்டால் 100, இல்லையென்றால் 0, நடுவில் எதுவும் கிடையாது என்று விதி போட்டோம். மறு வாரமே 84 என்பது 55 ஆனது. மேனேஜர் பொய் சொல்லவில்லை. ப்ரோகிராம் எழுதியாயிற்று, வாடிக்கையாளரின் தரவை வைத்துச் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இன்னும் இரண்டு மாதம் கையில் இருந்தபோதே வாடிக்கையாளரிடம் பேச முடிந்தது. தொடங்காத 5 வேலைகளை அடுத்த கட்டத்துக்குத் தள்ள அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

திண்ணை: அப்படியானால் எங்களுக்கு இரண்டாவதே போதுமே?

பழைய கணக்கு: அதுவும் கெட்டுப்போகும், எங்களிடமே கெட்டது. ஒரு வருடத்தில் மூன்று வார வேலைக்குக்கூட 17 ஆவணங்கள் கேட்டோம். மேனேஜர்கள் வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து பழையதைக் காப்பி செய்து நிரப்பினார்கள். ஒரு ஆவணத்தில் வேறொரு வாடிக்கையாளரின் பெயர் இருந்தது. எங்கள் குழு அதற்கும் "சரி" போட்டிருந்தது. ரிவியூவில் "எந்தத் தாள் இல்லை" என்று மட்டும் கேட்டு, "எது ஓடவில்லை" என்று யாரும் கேட்காத நாளில் உங்கள் பி.எம்.ஓ. நோயில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்குக் குறைந்த வேலைக்கு ஒரே பக்கம் போதும் என்று குறைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

கிண்டி வண்டி: தானே நடத்தினால் இந்தத் தாள் சண்டையே வராதே.

பழைய கணக்கு: தாள் சண்டை வராது, ஆள் சண்டை வரும். மேனேஜர் பி.எம்.ஓ.விடம் இருப்பார், ப்ரோகிராமர் டெவலப்மென்ட் தலைவரிடம் இருப்பார். எங்கள் டெவலப்மென்ட் தலைவர் நல்ல ஆட்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களை எங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். வங்கியின் எல்லாக் கிளைகளையும் ஒரே இரவில் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது போன்ற வேலைக்கு இந்த வகைதான் சரி, அங்கே ஒருவர் சொல்வதை எல்லாரும் கேட்டாக வேண்டும். நீங்கள் சொன்ன டெஸ்டிங் சண்டையிலும் அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. சின்னச் சின்ன வேலைகள் ஓடும் இடத்தில் ஒவ்வொரு முடிவும் பி.எம்.ஓ. வாசலில் வரிசையில் நிற்கும்.

கிண்டி வண்டி: ஆட்கள் விஷயம் உண்மைதான். எங்களிடமும் அந்த மனக்கசப்பு இருக்கிறது. ஆனாலும் பழையபடி போக எனக்கு மனமில்லை.

திண்ணை: எங்களிடம் இப்போது 14 ப்ராஜெக்டுகள். இரண்டு மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும், மற்றவை சிறியவை. அந்த இரண்டுக்கு மட்டும் 0/100 விதி, மற்றவற்றுக்கு உதவி மட்டும் என்று ஒரே அலுவலகம் இரண்டு விதமாக நடக்கலாமா?

பழைய கணக்கு: நடக்கலாம், நாங்கள் கடைசியில் அங்கேதான் வந்து நின்றோம். எந்த ப்ராஜெக்ட் எந்தப் பக்கம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். எங்களிடம் அது இன்றுவரை இழுபறிதான்.