அரை லிட்டர் தண்ணீருக்கு அசையாத வினிகர், ஒரு சிட்டிகைச் சோடாவுக்கு அசைந்தது ஏன்?

நீலக்குடுவை

ஊதா முட்டைக்கோஸை நறுக்கி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் கிடைக்கும் சாறு, அமிலத்தில் சிவந்தும், நடுநிலையில் ஊதாவாகவும், காரத்தில் நீலமாகவும் பின்பு பச்சையாகவும் தெரியும் என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. அக்காள் மகளுக்கு அதைச் செய்துகாட்ட உட்கார்ந்தபோது நடந்தது இன்னும் என்னை விடாமல் உறுத்துகிறது.

ஒரு கண்ணாடிக் குடுவையில் ஒரு தேக்கரண்டி வினிகரை ஊற்றிச் சாறு விட்டேன். நல்ல சிவப்பு வந்தது. அதில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போனால் அமிலம் நீர்த்துப்போய் ஊதாவுக்குத் திரும்பும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். இஸ்திரிப் பெட்டிக்காக வாங்கி வைத்திருந்த வாலைவடிநீரைத்தான் ஊற்றினேன். தண்ணீரோடு சாறும் நீர்த்து நிறம் மங்குவதால், அவ்வப்போது சாற்றையும் கூடுதலாக விட்டுக்கொண்டேன். அரை லிட்டர் ஊற்றியும் இளஞ்சிவப்பு மாறவில்லை. பொறுமையிழந்த அவள் விரல் நுனியில் சமையல் சோடாவை எடுத்துப் போட்டாள். சிறிது நுரை எழுந்தது. சோடா விழுந்த இடத்திலிருந்து நீல நிறம் புகைபோல் சுருண்டு இறங்கி, கலக்குவதற்குள் குடுவையே நீலமாயிற்று. அவ்வளவு தண்ணீரால் முடியாததை அந்தத் துளிப் பொடி எப்படிச் செய்தது?

இரவுப்பணி

இதில் வியக்க ஒன்றுமில்லை. பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மூன்றில் இருக்கும் திரவம் நான்கில் இருப்பதைவிடப் பத்து மடங்கு அமிலத்தன்மை உடையது. உங்கள் வினிகர் ஏறக்குறைய 2.4. தேக்கரண்டிக்கு அரை லிட்டர் என்பது நூறு மடங்கு நீர்த்தல். ஆகவே இரண்டு படி ஏறி 4.4க்கு வந்திருக்கும். பத்தாயிரம் மடங்கு நீர்த்தால் 6.4. அதாவது நீங்கள் போதுமான தண்ணீர் ஊற்றவில்லை, அவ்வளவுதான்.

நான் வேலை செய்த இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொரு குடுவையிலும் தாளை நனைத்துப் பார்த்திருக்கிறேன். 1, 2, 3 என்று வரிசையாக வரும். அந்த ஒழுங்கைக் கண்ணால் பார்த்தவனுக்குச் சந்தேகமே எழாது.

மஞ்சள்கறை

முட்டைக்கோஸ் எதற்கு? மஞ்சள் தூள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வெள்ளைத் துண்டில் பட்ட மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்தவுடன் இரத்தம்போல் சிவந்ததைப் பார்த்து நான் துண்டையே கீழே போட்டுவிட்டேன். பிறகு அதே இடத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்ததும் பழைய மஞ்சள் திரும்பியது. வினிகரிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, சாதாரணத் தண்ணீரிலும் அப்படியே இருந்தது. எனவே வினிகர் ஒன்றும் அத்தனை பெரிய அமிலம் இல்லை என்றே நினைக்கிறேன். நீலக்குடுவை பார்த்த சிவப்பு முட்டைக்கோஸின் சொந்த நிறமாகவும் இருக்கலாம் அல்லவா?

ஓய்வுபெற்ற_ஆய்வகம்

முதலில் மஞ்சள்கறை அவர்களுக்கு. மஞ்சள் தன் நிறத்தை மாற்றிக்கொள்வது ஏறக்குறைய ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில்தான். அதற்குக் கீழே வினிகர், பால், தண்ணீர் எல்லாமே அதன் கண்ணுக்கு ஒன்றுதான். சோப்பைக் கண்டுபிடிக்க அது போதும். ஓர் அமிலத்தை இன்னோர் அமிலத்தோடு ஒப்பிட அதனால் இயலாது. சாற்றின் சொந்த நிறம் என்ற ஐயத்தைத் தீர்க்க, வெறும் தண்ணீரில் அதே அளவு சாற்றை விட்டு ஒரு குடுவையைப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

இரவுப்பணி சொன்ன பத்து மடங்குக் கணக்கு அவர் பார்த்த அமிலத்துக்குச் சரியானது, வினிகருக்குப் பொருந்தாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் விழுந்தவுடன் தன்னிடமிருந்த ஹைட்ரஜன் அயனிகள் அனைத்தையும் விட்டுவிடுகிறது. பி.எச். அளவது இப்படி வெளியே வந்துவிட்ட அயனிகளை மட்டுமே. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமோ கஞ்சன். ஐந்து சதவீத வினிகரில் ஏறக்குறைய இருநூறு மூலக்கூறுகளில் ஒன்றுதான் தன் அயனியை விட்டிருக்கும். மற்றவை பிடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்தப் பிடி தளர்கிறது. நூறு மடங்கு நீர்த்த குடுவையில் நூற்றுக்கு நான்கு, ஐந்து மூலக்கூறுகள் விட்டுவிட்டிருக்கும். ஒருபுறம் அமிலம் பரவி அடர்த்தி குறைகிறது, மறுபுறம் இருப்பிலிருந்து புதிதாக அயனிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே பத்து மடங்குக்கு ஒரு படி ஏறாமல் அரைப்படிதான் ஏறும்: 2.4, பிறகு 2.9, பிறகு 3.4. நீலக்குடுவை கண்ட இளஞ்சிவப்பு அந்த 3.4தான். அதே தேக்கரண்டி வினிகரைப் பத்து லிட்டர் வாலைவடிநீரில் கலந்தாலும் நான்குக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடும். திறந்து வைத்த வாலைவடிநீரே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு ஆறுக்குச் சற்றுக் கீழே இருக்கும் என்பதால், அதை ஊற்றி ஏழைத் தொடவே முடியாது.

இனி சோடா. தண்ணீர் அமிலத்தைப் பரப்புகிறதே தவிர ஒரு மூலக்கூறைக்கூட அழிப்பதில்லை. சோடா அழிக்கிறது: ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துத் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றிவிடுகிறது, நீங்கள் கண்ட நுரை அந்த வாயுதான். வெளியே உள்ள அயனி தீர்ந்தால் இருப்பிலிருந்து அடுத்தது வரும், அதையும் பிடிக்கும். ஐந்து மில்லிலிட்டர் வினிகரில் உள்ள அமிலம் ஏறக்குறைய கால் கிராம். அதை முழுவதும் தீர்க்கத் தேவையான சோடா 0.35 கிராம், அதாவது தாராளமான ஒரு சிட்டிகை. அந்தப் பெண் எடுத்தது அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். அதனால்தான் ஊதாவில் நிற்காமல் நீலத்துக்குப் போயிருக்கிறது.

என்னிடம் பயின்ற ஒருவர் ஒருநாள் இரண்டு குடுவைகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் வினிகர், மற்றதில் வெகுவாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் தாளில் ஒரே நிறத்தைக் காட்டின. இரண்டிலும் ஒரே அளவு சோடாவைப் போட்டார். இரண்டாவது உடனே அடங்கிவிட்டது. வினிகரோ மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதே அளவு திரவத்துக்கு ஏறத்தாழ இருநூறு மடங்கு சோடா தேவைப்பட்டிருக்கும். தாள் கையிலிருக்கும் சில்லறையைத்தான் எண்ணிச் சொல்லும். பெட்டியில் பூட்டியிருப்பது அதற்குத் தெரியாது.

இரவுப்பணி

அரைப்படிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பத்து மடங்குக்கு ஒரு படி என்று 1909இல் சோரன்சன் வகுத்த அளவுகோல் பொய்யாகிவிடாது. படியின் பொருள் அதேதான். வினிகர்தான் அந்தப் படியை முழுதாக ஏற மறுக்கிறது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் படிப்பவர்கள் குழம்பமாட்டார்கள்.

கெட்டில்காரர்

என் கெட்டிலின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் படிவத்தில் வினிகரை ஊற்றியபோது, அது சீறிக்கொண்டு கரைந்ததைப் பார்த்தேன். இவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. அடைத்துக்கொண்ட குழாயில் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுங்கள், நுரை எல்லாவற்றையும் தள்ளிவிடும் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். மேலே ஓய்வுபெற்ற_ஆய்வகம் போட்ட கணக்கைப் பார்த்தாலே புரியும்: நூறு மில்லிலிட்டர் வினிகருக்கு ஏழு கிராம் சோடாவைப் போட்டால், எஞ்சுவது அமிலமும் இல்லை, சோடாவும் இல்லை, சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த நீர்தான். சுண்ணாம்புப் படிவத்தைக் கரைக்க வேண்டுமென்றால் வினிகரைத் தனியாக ஊற்றி நேரம் கொடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கென்றால் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். சோடாவைக் கொண்டு தேய்க்க வேண்டுமானால் சிறிதளவு நீரில் குழைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு வேண்டுமானால் வினிகரை எடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், குளோரின் உள்ள வெளுப்பானோடு வினிகரையோ வேறெந்த அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். சோடாவும் வினிகரும் கலந்தால் வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடுதான் என்பதால், இறுக மூடிய புட்டியில் கலந்து வைப்பதும் ஆபத்து. அழுத்தம் ஏறிப் புட்டி வெடித்துவிடலாம்.

மூன்றாம்மாடி

எல்லாரும் கணக்குப் போட்டுவிட்டீர்கள், ஆனால் என் வீட்டில் நடந்ததை அந்தக் கணக்கு சொல்லவில்லை. நேற்று இரவு இதைப் படித்துவிட்டு, அதே ஒரு தேக்கரண்டி வினிகரை எடுத்து, குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனேன். மூன்று லிட்டருக்குள் சிவப்பு முழுதும் போய் ஊதா வந்துவிட்டது. சோடாவே போடவில்லை. பத்து லிட்டரானாலும் நான்கைத் தாண்டாது என்றீர்களே? நீலக்குடுவைக்கு மங்கிய நிறத்தைப் பார்த்துத் தடுமாற்றம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீலக்குடுவை

தடுமாறவில்லை. வெறும் தண்ணீரும் சாறுமாக ஒரு குடுவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது ஊதாவாகவும் இது இளஞ்சிவப்பாகவும் இருந்தன. மங்கியதா என்று கேட்க வேண்டியது உங்கள் மூன்று லிட்டரைத்தான். புதிய சாற்றைக் கூடுதலாக விட்டீர்களா?

மூன்றாம்மாடி

விட்டேன். இரண்டு முறை.

ஓய்வுபெற்ற_ஆய்வகம்

இருவர் பார்த்ததும் உண்மையாக இருக்கலாம். நான் சொன்னது வாலைவடிநீருக்கான கணக்கு. குழாய்த் தண்ணீர் வெறும் தண்ணீர் அன்று. நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை வழியாக வந்தது என்றால் அதில் பைகார்பனேட் கரைந்திருக்கும், சமையல் சோடாவில் வேலை செய்வதும் அதே பைகார்பனேட்தான். ஆக நீங்கள் தெரியாமலேயே ஒவ்வொரு லிட்டரோடும் ஒரு சிறு சிட்டிகைச் சோடாவைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். கெட்டில்காரரின் வெள்ளைப் படிவம் அத்தகைய தண்ணீரைக் கொதிக்கவைத்ததால் வந்ததுதான். உங்கள் கெட்டிலிலும் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம்மாடி

அதுதான் சிக்கல். இந்தக் கெட்டிலை வெகுநாளாகப் பயன்படுத்துகிறேன். அடியில் படிவமே இல்லை.

ஓய்வுபெற்ற_ஆய்வகம்

படிவம் சேரக் கால்சியமும் வேண்டும். கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தோடு சேர்ந்த பைகார்பனேட் உள்ள தண்ணீர் படிவம் விடாமலேயே அமிலத்தைத் தின்னும். மென்னீராக்கும் கருவி வழியாக வந்த தண்ணீரும் அப்படித்தான். சோதிப்பது எளிது: குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைத்து, கால்வாசியாக வற்றவிட்டு, ஆறியபின் அதில் சாறு விட்டுப் பாருங்கள். நீலமோ பச்சையோ வந்தால் பைகார்பனேட்டுதான் காரணம். கொதிக்கும்போது அது ஓரளவு கார்பனேட்டாக மாறுவதால் காரத்தன்மை ஏறும்.

மூன்றாம்மாடி

செய்துவிட்டேன். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. ஊதாவில் ஒரு நீலச்சாயல் என்று நான் சொல்கிறேன், என் கணவர் வெறும் ஊதா என்கிறார். சாறு நான்கு நாள் பழையது, அதன் நிறமும் முன்புபோல் இல்லை. புதிய முட்டைக்கோஸ் வாங்கியபின் வாலைவடிநீரோடு சேர்த்துத் திரும்பப் பார்க்கிறேன்.