கண் முகாம் போஸ்ட்: எழுத்து பத்தலக்கா

*தெரு நலச்சங்கம், மதுரை*

*கவிதா அக்கா:* ஞாயித்துக்கிழமை கண் முகாமுக்கு இன்ஸ்டால போட 5 ஸ்லைடு பண்ணிருக்கேன். பாத்துச் சொல்லுங்க.

*பென்ஷன் மாமா:* படம் வந்துச்சு. எழுத்து எறும்பு மாதிரி ஊருது.

*செந்தில்:* மாமா, போன் செட்டிங்ஸ்ல எழுத்தைப் பெருசாக்குங்க.

*முத்து தம்பி:* அது மெசேஜுக்குத்தாண்ணே. இது படம், அந்த செட்டிங் இதைத் தொடாது. விரலால விரிச்சாலும், இன்ஸ்டால விரலை எடுத்ததும் பழையபடி சுருங்கிரும்.

*செந்தில்:* ஆமால்ல.

*முத்து தம்பி:* அக்கா, எழுத்து அளவு 36 வச்சிருக்கீங்க. 1080 பிக்சல் அகலப் படம் ஏழு செ.மீ. திரைக்குள்ள சுருங்கி உக்காருது. அப்ப 36ங்கிறது ரெண்டே கால் மில்லிமீட்டர், அதுவும் மேல் சுழி, கீழ் வால் எல்லாம் சேத்து. 72 ஆக்குங்க. வரி இடைவெளி 1.5 வைங்க, இல்லன்னா மேல் வரி ‘கு’வோட வால் கீழ் வரி ‘கி’யோட மேல் வளைவுல இடிக்கும்.

*கவிதா அக்கா:* 72 வச்சா ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதானடா வருது!

*முத்து தம்பி:* அவ்வளவுதான் வரும். ஒரு ஸ்லைடுக்கு ஆறு வரி, பன்னெண்டு வார்த்தை போதும். அதவிட 3வது ஸ்லைடுதான் ஆபத்து. “கண்ல சொட்டு மருந்து விட்டா வண்டி”ன்னு நிக்குது, “ஓட்டக்கூடாது” 4வதுல இருக்கு.

*பென்ஷன் மாமா:* நான் 3ஓட நிறுத்திட்டேன். வண்டி குடுப்பாங்கன்னு நெனச்சேன்.

*முத்து தம்பி:* 😄 மெதுவா தள்ளுறவங்களுக்கு, பாதி தள்ளினா படம் பழைய இடத்துக்கே திரும்பிரும். அடுத்தது வர்றதுக்குள்ள முதல் பாதி மறந்துரும். அதனால ஒரு ஸ்லைடுல ஒரு சேதி முழுசா முடியணும். 3வது இப்படி:

“சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டாதீர்கள். துணையோடு வாருங்கள்.”

*கவிதா அக்கா:* பேசாம பாட்டு சேத்து வீடியோவாக்கி, ஸ்லைடுக்கு 3 செகண்டு வச்சு ஸ்டேட்டஸ்ல போட்டுரவா?

*முத்து தம்பி:* வேணாங்க்கா, அது அவங்களுக்காகக் காத்திருக்காது. போட்டே ஆகணும்னா, ஒவ்வொண்ணையும் வாய்விட்டு நிதானமா வாசிங்க. ஆகுற நேரத்தை ரெட்டிப்பாக்கி வைங்க. பன்னெண்டு வார்த்தைக்கே 10 செகண்டுக்கு மேல போயிரும்.

*பென்ஷன் மாமா:* எதுக்குப்பா இத்தனை? எல்லாத்தையும் ஒரே படத்துல போடு. தள்ளவே வேணாம்.

*கவிதா அக்கா:* ஒண்ணுல போட்டா மறுபடி எறும்புதான் மாமா. பிரிச்சா 8 ஸ்லைடு வருது, 8 வரைக்கும் யாரு தள்ளுவா?

*முத்து தம்பி:* 8ஐயும் தள்ள மாட்டாங்க. தேதி, இடம், நேரம், ‘பழைய கண்ணாடி, ஆதார் கொண்டு வாங்க’ இது முதல் ஸ்லைடுலயே இருக்கட்டும். வண்டி சேதி ரெண்டாவதுக்கு வரட்டும். மேல வலது மூலையைக் காலியா விடுங்க, ‘1/8’னு எண் அங்கதான் வந்து மறைக்கும்.

*பென்ஷன் மாமா:* எனக்கு இன்ஸ்டாவே இல்ல.

*செந்தில்:* மாமா மாதிரி ஆளுக்கு இந்தக் குரூப்புல முதல் ஸ்லைடை மட்டும் தனிப் படமா போட்டுருங்கக்கா.

*முத்து தம்பி:* அப்ப வண்டி சேதி விட்டுப்போயிருமேண்ணே.

*கவிதா அக்கா:* இருங்க, ரெண்டு விதமாவும் பண்ணி அனுப்புறேன். மாமா, கண்ணாடி போடாம பாத்துச் சொல்லுங்க.